திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனம் ஒன்று ஜெர்மன் பையரின் வினாப் பட்டியலுக்கு எழுதிய பதில்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

2024 ஜூன் மாதம், திருப்பூரில் உள்ள நடுத்தரப் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றுக்கு அதன் மிகப் பெரிய வாடிக்கையாளரான ஜெர்மன் சில்லறை விற்பனை நிறுவனத்திடமிருந்து 118 கேள்விகள் கொண்ட வினாப் பட்டியல் இணையவழியே வந்தது. வேலை நேரம், கூலி, புகார் கேட்கும் முறை, பெண்களின் பாதுகாப்பு, தீத்தடுப்பு, கூலிக்கு வேலை செய்து தரும் வெளி ஜாப் ஒர்க் யூனிட்டுகள், கழிவுநீர், மின்சாரம் என்று அது விரிந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் ‘ஆம்’, ‘இல்லை’ என இரண்டே கட்டங்களும், கீழே ஒரு சிறிய குறிப்புப் பெட்டியும், ஆவணம் ஏற்றுவதற்கான இடமும் இருந்தன. பதில்கள் உண்மையானவை, முழுமையானவை என்று நிர்வாக இயக்குநரான முதலாளி கையொப்பமிட வேண்டிய உறுதிமொழி கடைசிப் பக்கத்தில் இருந்தது. அந்தப் பதில்கள் கொள்முதல் ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாகக் கருதப்படும் என்றும், தவறான பதில் ஆர்டரை ரத்து செய்யப் போதுமான காரணம் என்றும் அதே பக்கம் சொல்லியது.

இங்கே விவரிக்கப்படும் நிறுவனம், இத்தகைய பல நிறுவனங்களின் நிலையிலிருந்து தொகுத்து அமைக்கப்பட்டது. அதன் எண்கள் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதைக் காட்டுவதற்காகக் கொடுக்கப்பட்டவை. சட்டங்களும் அவற்றின் வரம்புகளும் உள்ளபடியே தரப்பட்டுள்ளன. வேலை நேரம் குறித்து இங்கே வருபவை, அக்காலத்தில் நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் விதிகள்.

பட்டியல் அந்த நேரத்தில் வந்ததற்குக் காரணம் உண்டு. ஜெர்மனியின் விநியோகத் தொடர்ச் சட்டம் 2023 ஜனவரி 1 முதல் அந்நாட்டில் குறைந்தது 3,000 பேர் வேலை செய்யும் நிறுவனங்களுக்கும், 2024 ஜனவரி 1 முதல் குறைந்தது 1,000 பேர் வேலை செய்யும் நிறுவனங்களுக்கும் பொருந்தத் தொடங்கியது. தங்களுக்குப் பொருள் செய்து தருபவர்களிடம் மனித உரிமை சார்ந்த அபாயங்கள் எங்கே இருக்கின்றன என்று ஆராய்ந்து, தடுக்கும் நடவடிக்கை எடுத்து, அதைப் பதிவும் செய்ய வேண்டிய கடமை அந்த நிறுவனங்களுடையது. அந்தக் கடமையை அப்படியே சப்ளையரின் தலையில் இறக்கிவிட முடியாது என்பதே அச்சட்டத்தை நடைமுறைப்படுத்தும் ஜெர்மன் அரசு அலுவலகத்தின் நிலைப்பாடும் ஆகும். பதில் எழுதுபவர் இதை மனத்தில் வைத்துக்கொண்டால் ஒரு தெளிவு கிடைக்கிறது. எல்லாக் கட்டத்திலும் ‘ஆம்’ என்று வரும் தாளில் அபாயம் எங்கே என்று தேடுபவருக்கு எதுவும் கிடைப்பதில்லை. எதுவும் கிடைக்காத தாளை நேர்மையான பையர் நம்பிவிடுவதும் இல்லை.

நிறுவனத்தின் பழக்கம் வேறாக இருந்தது. முந்தைய ஆண்டு வேறொரு பையருக்கு அனுப்பிய பதில்களைத் திறந்து வைத்துக்கொண்டு கேள்விக்குக் கேள்வி பொருத்தி நிரப்புவதே வழக்கம். “எல்லாத்துக்கும் ஆமாம்னு போட்டு அனுப்பிடுங்க, ஆடிட் வர்றப்ப பார்த்துக்கலாமுங்க” என்று முதலாளி எச்.ஆர். மேலாளரிடம் சொன்னது ஏமாற்றும் நோக்கத்தில் சொன்னதன்று. ‘இல்லை’ என்று ஒரு கட்டத்தில் போட்டாலே ஆர்டர் போய்விடும் என்ற அச்சம் அந்தத் தொழிலில் எல்லோருக்கும் உண்டு. அந்த அச்சத்துக்கு ஆதாரமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. எச்.ஆர். மேலாளர் மறுத்து வாதாடவில்லை. கடைசிப் பக்கத்து உறுதிமொழியை அச்செடுத்து, அதில் யார் பெயர் இருக்கிறது என்பதை மட்டும் காட்டினார். நிரப்புவதற்கு முன்பு உள்ளே உள்ள நிலையைப் பார்ப்பது என்று முடிவானது.

யாரைச் சேர்த்து எண்ணுவது

முதல் பக்கத்திலேயே ஒரு சிக்கல் வந்தது. தொழிலாளர் எண்ணிக்கை என்ற இடத்தில் முந்தைய பதில் 190 என்று இருந்தது. அது நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் உள்ளவர்களின் எண்ணிக்கை. ஆனால் வாட்ச்மேன் வைத்திருக்கும் கேட் நோட்டின்படி அன்றாடம் உள்ளே வருபவர்கள் 286 பேர். மீதி 96 பேர் மூன்று பவர் டேபிள் காண்ட்ராக்டர்களின் ஆட்கள். அதே கூரையின் கீழ், நிறுவனத்தின் மெஷின்களில், பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்கள்.

இதை முதலிலேயே தீர்க்காவிட்டால் பின்னால் வரும் பதில்கள் எல்லாம் தடம் மாறிவிடும். “எல்லாத் தொழிலாளர்களுக்கும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா” என்ற கேள்விக்கு 190 பேரை வைத்துப் பார்த்தால் ‘ஆம்’ உண்மை, 286 பேரை வைத்துப் பார்த்தால் அது பொய். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் காண்ட்ராக்டர் வழியாக வருபவரையும் பணியாளர் என்ற வரையறைக்குள்ளேயே வைக்கிறது. ஆகவே அத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு பற்றிய கேள்விகளில் அந்தத் தையல்காரப் பெண்களை விட்டுவிட்டுப் பதில் எழுத வழியே இல்லை. எண்ணிக்கையை 286 என்று எழுதி, அதில் 96 பேர் மூன்று காண்ட்ராக்டர்கள் வழியாக வருபவர்கள் என்று குறிப்புப் பெட்டியில் பிரித்துக் காட்டினார்கள். அதன் பிறகு ‘எல்லோரும்’ என்று கேட்ட ஒவ்வொரு கேள்வியும் 286 பேரையும் வைத்தே படிக்கப்பட்டது. பதினைந்து, இருபது இடங்களில் பழைய ‘ஆம்’ இதனாலேயே நிற்காமல் போயிற்று.

தாளில் இருப்பதும் தளத்தில் நடப்பதும்

இத்தகைய பட்டியலில் ஒரே பொருளைப் பற்றி மூன்று வகைக் கேள்விகள் கலந்து வருகின்றன. கொள்கை எழுத்தில் இருக்கிறதா என்பது ஒன்று. அது நடக்கிறதா என்பது வேறு. நடந்ததற்குச் சான்று இருக்கிறதா என்பது மூன்றாவது. அவசரத்தில் படிப்பவர் மூன்றுக்கும் சேர்த்து முதலாவதன் பதிலைக் கொடுத்துவிடுகிறார். லெட்டர்ஹெட்டில் அச்சடித்த கொள்கைத் தாள் ஃபைலில் இருப்பதால் ‘ஆம்’ என்று கை தானாகவே எழுதிவிடுகிறது.

புகார் கேட்கும் முறையை எடுத்துக்கொள்ளலாம். பஞ்சிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு புகார்ப் பெட்டி மாட்டப்பட்டிருந்தது. கொள்கைத் தாளும் இருந்தது. ஆகவே “புகார் முறை உள்ளதா” என்பதற்கு ‘ஆம்’ என்பது சரியே. அடுத்த கேள்வி, கடந்த பன்னிரண்டு மாதங்களில் எத்தனை புகார்கள் வந்தன, எத்தனை தீர்க்கப்பட்டன என்பது. வந்தவை பூஜ்யம். பெட்டியின் சாவி எச்.ஆர். மேசை இழுப்பறையில் இருந்தது. பெட்டி மாட்டியிருந்த இடமோ சூப்பர்வைசர்கள் நிற்கும் இடம். அருகே ஒட்டிய அறிவிப்பு தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தது. செக்கிங்கிலும் பேக்கிங்கிலும் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். 286 பேர் உள்ள இடத்தில் ஓராண்டு முழுவதும் ஒரு புகாரும் இல்லை என்பது குறையே இல்லாத நிலையைக் காட்டவில்லை. பெட்டியை யாரும் பயன்படுத்தவில்லை என்பதையே காட்டுகிறது. இதைப் படிக்கும் அனுபவமுள்ள ஆடிட்டர் அப்படித்தான் புரிந்துகொள்வார்.

அவர்கள் எழுதிய பதில் இப்படி அமைந்தது: “பெட்டியும் எழுத்து வடிவக் கொள்கையும் உள்ளன. கடந்த பன்னிரண்டு மாதங்களில் புகார் எதுவும் வரவில்லை. அறிவிப்பு இந்தியிலும் ஒடியாவிலும் இல்லாததும், பெட்டி இருக்கும் இடமும் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறோம். இரு மொழி அறிவிப்பும் இடமாற்றமும் ஆகஸ்ட் 15க்குள் முடியும், பொறுப்பு எச்.ஆர். மேலாளர்.” ‘எல்லாத் தொழிலாளர்களுக்கும் புரியும் மொழியில் தெரிவிக்கப்பட்டுள்ளதா’ என்ற தனிக் கேள்விக்கு ‘இல்லை’ என்றே குறித்தார்கள். இந்தி அறிவிப்பை அன்று மாலையே ஒட்டிவிட்டு ‘ஆம்’ என்று போட்டுவிடலாமே என்று, பையர்களின் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் கேட்டார். ஒட்டிய அன்றே அது தெரிவிக்கப்பட்டதாகிவிடாது என்பதால் அந்த யோசனை ஏற்கப்படவில்லை.

ஒன்றரை ஷிப்ட்

பட்டியலின் கனமான கேள்வி 41ஆவது. “ஓவர்டைம் உட்பட வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் யாரும் வேலை செய்வதில்லை என்றும், ஓவர்டைம் உள்நாட்டுச் சட்டப்படி நடத்தப்பட்டு, சட்டப்படியான விகிதத்தில் கூலி கொடுக்கப்படுகிறது என்றும் உறுதிப்படுத்த முடியுமா?” ஒரு வாக்கியத்தில் மூன்று கேள்விகள் கட்டப்பட்டிருக்கின்றன, பதிலுக்கோ ஒரே கட்டம். இப்படிப்பட்ட கேள்வியில் ஒரு பகுதி பொய்யானாலும் முழுப் பதில் ‘இல்லை’ என்றே இருக்க வேண்டும். மற்ற பகுதிகளில் உள்ள நல்லதைக் குறிப்புப் பெட்டியில்தான் சொல்ல முடியும்.

திருப்பூரில் எட்டு மணி நேர வேலை ஒரு ஷிப்ட். அதற்கு மேல் நான்கு மணி நேரம் நின்றால் ஒன்றரை ஷிப்ட். கூலியும் அந்தக் கணக்கிலேயே ஓடுகிறது. ஒரு ஷிப்டுக்கு 480 ரூபாய் என்றால் அரை ஷிப்டுக்கு 240 ரூபாய். தொழிலாளிக்கும் சூப்பர்வைசருக்கும் இது வெகு நாள் பழக்கம் என்பதால் யாருக்கும் இதில் தவறு இருப்பதாகத் தோன்றுவதில்லை. சட்டத்தின் கணக்கு வேறு. 59ஆவது பிரிவின்படி நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேலோ, வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேலோ செய்யும் வேலைக்கு இரட்டிப்புக் கூலி தர வேண்டும். ஆறு நாளும் எட்டு மணி நேரம் முழுமையாக வந்தவருக்கு 48 அங்கேயே நிறைந்துவிடுகிறது. ஆகவே அரை ஷிப்டின் நான்கு மணி நேரமும் ஓவர்டைம்தான். மணிக்கு 60 ரூபாய் என்பது 120 ஆகி, அரை ஷிப்டுக்கு 480 ரூபாய் வர வேண்டும். கொடுக்கப்பட்டதோ 240.

பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு ஓவர்டைம் என்பதே பொருந்தாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதுவும் சரியன்று. பீஸ் ரேட் தொழிலாளியின் முந்தைய மாதச் சராசரி வருமானத்தை நேரக் கூலியாகக் கொண்டு ஓவர்டைம் கணக்கிடும் வழியை அதே பிரிவு சொல்லியிருக்கிறது.

வேலை நேரத்தின் நிலையைப் பார்க்க, 2023 ஜூலை முதல் 2024 ஜூன் வரையிலான பஞ்சிங் மெஷின் பதிவை எச்.ஆர். மேலாளர் வாரவாரியாகவும் பிரிவுவாரியாகவும் பிரித்தார். ஆண்டுச் சராசரியைப் பார்ப்பதில் பயனில்லை. அது உச்ச வாரங்களை விழுங்கிவிடும். தையல் லைன்கள் பெரும்பாலான வாரங்களில் 48க்கும் 56க்கும் இடையே நின்றன. கோடைக்கால ஆடைகள் கப்பலேறும் ஜனவரி முதல் மார்ச் வரையில் செக்கிங், அயர்னிங், பேக்கிங் பிரிவுகளின் 41 பேர் வேறு நிலையில் இருந்தார்கள். 52 வாரங்களில் 11 வாரங்களில் அவர்களுள் சிலரின் வேலை 60 மணி நேரத்தைத் தாண்டியிருந்தது. வாரம் மூன்று அரை ஷிப்ட் என்றால் சரியாக 60. நான்காவது அரை ஷிப்டில் வரம்பு உடைகிறது. அதிகபட்சமாகப் பதிவானது 72. அதாவது ஆறு நாளும் ஒன்றரை.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. பையரின் வரம்பு 60 மணி நேரம் என்பதால், 60க்குள் இருந்தால் எல்லாம் சரி என்று எண்ணத் தோன்றும். ஆனால் கேள்வியில் ‘உள்நாட்டுச் சட்டப்படி’ என்ற பகுதியும் உள்ளது. 64ஆவது பிரிவின் விதிவிலக்கைப் பயன்படுத்தினாலும் ஒரு நாளின் மொத்த வேலை 10 மணி நேரத்தையும், ஒரு காலாண்டின் ஓவர்டைம் 50 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது. 12 மணி நேரம் நிற்கும் ஒற்றை ஒன்றரை ஷிப்டே நாள் வரம்பை மீறுகிறது. அந்த 41 பேர் ஜனவரி முதல் மார்ச் வரையில் சராசரியாக 18 அரை ஷிப்டுகள் செய்திருந்தார்கள். அதாவது 72 மணி நேரம். வாரக் கணக்கில் தப்பித்தவர்கள் காலாண்டுக் கணக்கில் தப்பவில்லை. “60 மணி நேரத்தைத் தாண்டிய 11 வாரங்கள் தவிர மற்ற நேரங்களில் சட்டப்படியே நடக்கிறோம்” என்று எச்.ஆர். முதலில் எழுதியிருந்த வரியை நீக்கியது இதனால்தான். மனமறிந்து எழுதிய பொய்யாக அது இராது. ஆனாலும் உண்மைக்கு மேல் கொடுக்கப்பட்ட வாக்குறுதியாகவே நின்றிருக்கும்.

கூலி வித்தியாசத்தைக் கணக்கிட்டபோது, 41 பேர், 18 அரை ஷிப்டுகள், ஒவ்வொன்றுக்கும் 240 ரூபாய் என்று அந்தக் காலாண்டுக்கு மட்டும் 1,77,120 ரூபாய் வந்தது. இந்தத் தொகையை எழுத்தில் பார்த்த பிறகே முதலாளியின் மனம் மாறத் தொடங்கியது. அவர் எதிர்பார்த்தது இதைவிடப் பல மடங்கு. இந்த இடத்தில் வழக்கறிஞரின் ஆலோசனை தேவைப்பட்டது. ஒரு சட்ட மீறலை எழுத்தில் ஒப்புக்கொள்வது பையரோடு முடிகிற விஷயமில்லை என்பதால், என்ன எழுதப்படுகிறது என்பதை அவரும் பார்த்தார். பதிலை மழுப்புவதை அவரும் பரிந்துரைக்கவில்லை. முதலில் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு, கொடுத்ததை எழுதுங்கள் என்றார். பையரிடம் இரண்டு வாரம் அவகாசம் கேட்டு மெர்ச்சண்டைசர் மின்னஞ்சல் அனுப்பினார், மறுப்பின்றிக் கிடைத்தது. காலக்கெடு நெருக்குகிறது என்பதற்காகவே பொய் எழுதப்படும் இடங்கள் எத்தனையோ உண்டு. அவகாசம் கேட்கலாம் என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை.

41ஆவது கேள்விக்கு அவர்கள் குறித்த கட்டம் ‘இல்லை’. குறிப்பு இது: “2023 ஜூலை முதல் 2024 ஜூன் வரை 52 வாரங்களில் 11 வாரங்கள் செக்கிங், அயர்னிங், பேக்கிங் பிரிவுகளில் 60 மணி நேரம் தாண்டப்பட்டது, அதிகபட்சம் 72. நாள் வரம்பும் காலாண்டு வரம்பும் மீறப்பட்டுள்ளன. அரை ஷிப்டுக்கு ஒற்றை விகிதத்தில் கூலி கொடுக்கப்பட்டு வந்தது. ஜூலை 2024 கூலியிலிருந்து நேரடித் தொழிலாளர்களுக்கு இரட்டிப்பு விகிதம் கொடுக்கப்படுகிறது. ஜனவரி முதல் மார்ச் வரையிலான வித்தியாசம் இரண்டு தவணைகளில் கொடுக்கப்படும். முதல் தவணை கொடுக்கப்பட்டுவிட்டது. காண்ட்ராக்டர்கள் வழியாக வரும் 96 பேருக்கு இது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. தேதி சொல்லும் நிலையில் இல்லை.”

கடைசி வரிக்கு அலுவலகத்தில் எதிர்ப்பு இருந்தது. ‘விரைவில்’ என்றாவது எழுதுங்கள் என்றார் புரொடக்‌ஷன் மேலாளர். காண்ட்ராக்டர்களோடு ரேட் பேசி முடிக்காமல் ஒரு தேதியை எழுதினால் அந்தத் தேதியே அடுத்த ஆடிட்டில் கேள்வியாக வந்து நிற்கும். ‘விரைவில்’ என்று எழுதினால் அது யாரையும் கட்டுப்படுத்தாத சொல்லாக இருந்துவிடும். இரண்டுமே வேண்டாம் என்று முடிவானது. இதுவே அந்தத் தாளின் மிக நேர்மையான வரி என்று நான் கருதுகிறேன்.

பொய்ப் பதில் எங்கே பிடிபடுகிறது

ஆடிட்டுக்கென்று தனி வருகைப் பதிவேடு தயாரித்து, 60க்குள் அடங்கும்படி காட்டிக்கொடுக்க ஆட்கள் கிடைக்கிறார்கள். அப்படி ஒருவர் இந்த நிறுவனத்தையும் அணுகினார். அந்த வழி ஏன் பிடிபடுகிறது என்பதை முதலாளிக்கு விளக்கியது ஒரு சிறிய நோட்டுதான். ஊசி உடைந்தால் அதன் துண்டுகளைத் தேடி ஒட்டி, தேதி, நேரம், மெஷின் எண் எழுதிவைக்கும் நோட்டு எல்லாத் தையல் தளங்களிலும் உண்டு. குழந்தை ஆடையில் ஊசித் துண்டு போய்விடக் கூடாது என்பதற்காகப் பையர்களே கட்டாயமாக்கிய பதிவு அது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழரை மணிக்கு ஓவர்லாக் மெஷினில் ஊசி உடைந்ததாக அந்த நோட்டில் ஒட்டியிருக்கும். வருகைப் பதிவேடோ அன்று விடுமுறை என்று சொல்லும். ஜெனரேட்டர் லாக், துணி வந்திறங்கிய இன்வர்டு பதிவு, லைன்வாரி உற்பத்தித் தாள், கேட் நோட்டு ஆகிய ஒவ்வொன்றும் வேறொரு கையால், வேறொரு காரணத்துக்காக எழுதப்படுகிறது. இவை அனைத்தையும் ஒரே பொய்க்கு ஏற்றபடி மாற்றுவது நடக்காத வேலை. ஆடிட்டர்கள் வருகைப் பதிவேட்டை இவற்றோடு ஒப்பிட்டே பார்க்கிறார்கள்.

தண்டனையின் அளவும் வேறுபடுகிறது. சமூகத் தணிக்கை முறைகள் பலவற்றில் கூடுதல் வேலை நேரம் காலக்கெடுவோடு திருத்தக்கூடிய குறையாக வைக்கப்படுகிறது. பதிவேட்டைத் திருத்திக் காட்டுவது நம்பகத்தன்மை சார்ந்த குற்றமாக, மிகக் கடுமையான நிலையில் வைக்கப்படுகிறது. குழந்தைத் தொழிலாளர், கட்டாய வேலை, பூட்டிய அவசர வழி, லஞ்சம் போன்றவற்றில் ‘இல்லை’ என்று எழுத வேண்டிய நிலை ஒரு நிறுவனத்தில் இருந்தால் அது பதில் எழுதும் கலையால் தீரும் விஷயம் அன்று. அதை முதலில் நிறுத்த வேண்டும். இந்த நிறுவனத்தில் அப்படி எதுவும் இல்லை என்பதைத் தளத்தில் நடந்து பார்த்தும், வயதுச் சான்றுகளைப் பார்த்தும் உறுதி செய்த பிறகே அந்த வரிசைக் கேள்விகளுக்கு ‘ஆம், பின்பற்றுகிறோம்’ என்று எழுதினார்கள்.

பிறர் செய்வதற்குக் கொடுக்கும் வாக்கு

“உங்கள் ஜாப் ஒர்க் யூனிட்டுகள் அனைத்தும் எங்கள் நடத்தை விதிகளைப் பின்பற்றுவதை உறுதி செய்கிறீர்களா?” என்பது 87ஆவது கேள்வி. பெரும்பாலான சப்ளையர்கள் யோசிக்காமல் ‘ஆம்’ போடும் இடம் இது. ஆனால் பதில் எழுதுபவரின் கையில் இல்லாத ஒன்றுக்கு இங்கே வாக்கு கேட்கப்படுகிறது.

நிறுவனத்துக்கு நிட்டிங் இரண்டு, டையிங் ஒன்று, காம்பாக்டிங் ஒன்று, பிரிண்டிங் மூன்று, எம்பிராய்டரி இரண்டு, காஜா பட்டன் இரண்டு என 11 வெளி யூனிட்டுகள். பதினொன்றும் நடத்தை விதித் தாளில் கையொப்பம் போட்டிருந்தன. ஆங்கிலத் தாளில், பில் வாங்க வந்தபோது போட்ட கையொப்பங்கள். அவற்றுள் டையிங், காம்பாக்டிங், மூன்று பிரிண்டிங் ஆகிய ஐந்து யூனிட்டுகளுக்கே கடந்த ஓராண்டில் யாராவது நேரில் போய்ப் பார்த்திருந்தார்கள். டையிங் யூனிட்டைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடிந்தது. கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத நிலையை எட்டாத சாயப் பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, இங்கே எந்த ஏற்றுமதியாளரும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையைப் பார்க்காமல் துணியைச் சாயத்துக்குக் கொடுப்பது அரிது. அந்த இசைவாணையின் நகலும், அது முடியும் தேதியும், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் உறுப்பினர் சான்றும் ஃபைலில் இருந்தன. ஆறு பேர் வேலை செய்யும் காஜா பட்டன் யூனிட்டைப் பற்றி, முகவரியையும் ஜி.எஸ்.டி. எண்ணையும் தவிர எதுவும் இல்லை.

‘இல்லை’ என்று குறித்துவிட்டு அவர்கள் எழுதியது: “11 யூனிட்டுகளும் விதிகளில் கையொப்பமிட்டுள்ளன. ஐந்தை நேரில் பார்த்துள்ளோம். ஒரு பிரிண்டிங் யூனிட்டில் அவசர வழியில் மைப் பீப்பாய்கள் அடுக்கப்பட்டிருந்தன, அன்றே அகற்றப்பட்டன. ஆறு யூனிட்டுகளை நேரில் பார்க்கவில்லை. உச்ச மாதங்களில் பிரிண்டிங் யூனிட்டுகள் எங்களுக்குத் தெரியாமல் வேறிடத்துக்கு வேலை கொடுப்பதைத் தடுக்க எங்களிடம் தற்போது முறை இல்லை. மீதி ஆறையும் 2025 மார்ச்சுக்குள் பார்ப்போம்.” யூனிட்டுகளின் பட்டியலும், எந்தெந்த வேலைக்கு எது என்பதும் இணைக்கப்பட்டன. உறுதி செய்கிறோம் என்று எழுதியிருந்தால், அந்த ஆறு யூனிட்டுகளில் நாளை நடக்கும் எதற்கும் ஒப்பந்தப்படி பொறுப்பேற்றதாகியிருக்கும்.

2030க்கான கேள்விகள்

எதிர்காலம் பற்றிய கேள்விகளை அவர்கள் சுருக்கமாகவே முடித்தார்கள். 2030க்குள் கரியமில வாயு வெளியேற்றத்தை 30 சதவீதம் குறைக்க உறுதியளிக்கிறீர்களா என்றதற்கு ‘இல்லை’. எதிலிருந்து 30 சதவீதம் என்ற அடிப்படைக் கணக்கே நிறுவனத்திடம் இல்லை. பன்னிரண்டு மாத இ.பி. யூனிட்டுகளையும் ஜெனரேட்டர் டீசல் லிட்டரையும் கொடுத்தார்கள். கூரைச் சோலாருக்குக் கொட்டேஷன் வாங்கியிருந்தது, ஆர்டர் கொடுக்கவில்லை. ஆகவே அது பதிலில் இடம்பெறவில்லை. வாழ்வூதியத்துக்கான திட்டம் கேட்டபோது, தொழிற்சங்கங்களும் உற்பத்தியாளர் சங்கங்களும் சேர்ந்து போடும் கூலி ஒப்பந்தத்தின்படி கொடுப்பதைச் சொல்லி, அதற்கு மேல் திட்டம் இல்லை என்று எழுதினார்கள்.

தேதி குறித்து எழுதிய ஒவ்வொரு வாக்குக்கும் உள்ளே ஒரு சோதனை வைத்திருந்தார்கள். அதைச் செய்யப்போகிறவரின் பெயர் தெரிய வேண்டும்; அவர் அதை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்; செலவு உண்டென்றால் அதற்கு முதலாளி சரி சொல்லியிருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாத வாக்குகள் தாளில் ஏறவில்லை. முதல் வரைவில் 22 வாக்குகள் இருந்தன, அனுப்பியதில் 7.

அனுப்பிய பிறகு

இணையப் படிவம் மதிப்பெண் போடும் வகையைச் சேர்ந்தது என்று மெர்ச்சண்டைசருக்குத் தெரிந்திருந்தது. குறிப்புப் பெட்டியை மனிதர் ஒருவர் படிக்கும் முன்பே ‘இல்லை’ என்ற கட்டம் மதிப்பெண்ணைக் குறைத்துவிடும். ஆகவே சமர்ப்பிப்பதற்கு முந்தைய நாள், 41, 87 ஆகிய இரண்டு கேள்விகளின் பதிலையும் அவற்றுக்கான காரணத்தையும் பையரின் பொறுப்பு அலுவலருக்குத் தனி மின்னஞ்சலில் அனுப்பி, பேச விரும்பினால் தயார் என்று எழுதினார். எல்லாப் பையர்களிடமும் இது பலிக்கும் என்று சொல்வதற்கில்லை. மதிப்பெண்ணை மட்டும் பார்த்து வடிகட்டும் நிறுவனங்களில் இந்த மின்னஞ்சலைப் படிக்க ஆளே இல்லாமல் போகலாம். அப்போது இழப்பு உண்மையிலேயே நேரும்.

இங்கே அழைப்பு வந்தது. பையர் தரப்பு நிறுவனத்தை நடுத்தர அபாயம் என்று வகைப்படுத்தி, வேலை நேரத்துக்கும் ஓவர்டைம் கூலிக்கும் திருத்தத் திட்டம் கேட்டது; புதிய ஸ்டைல் ஒன்றின் ஆர்டரை ஆடிட் முடியும் வரை நிறுத்திவைத்தது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஆர்டர்கள் நின்றுவிடவில்லை. அந்த அழைப்பில், 11 வாரங்கள் எவை என்று பையரின் அலுவலர் கேட்டார். வாரங்களைச் சொன்னபோது, அவற்றில் 7 வாரங்கள் அவர்கள் தரப்பில் சாம்பிள் ஒப்புதல் தாமதமாகி, கப்பல் தேதி மாறாமல் நின்ற ஆர்டர்களோடு பொருந்தின. ஒப்புதல் கொடுத்த மின்னஞ்சல்களின் தேதிகள் மெர்ச்சண்டைசரிடம் இருந்தன. எல்லாம் ‘ஆம்’ என்று எழுதியிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமிருந்திருக்காது. நடக்காத ஓவர்டைமுக்கு யாரும் காரணம் சொல்ல முடியாது. அடுத்த பருவத்துக்கு ஒப்புதலுக்கான கடைசித் தேதி எழுதப்பட்டு, அது தவறினால் கப்பல் தேதியும் தள்ளப்படும் என்று ஒப்பந்தத்தில் சேர்ந்தது.

பதில்கள் ஒவ்வொன்றும் அதன் ஆதாரம் எந்த ஃபைலில் உள்ளது, எந்தத் தேதியில் பார்க்கப்பட்டது என்ற குறிப்போடு ஒரே எக்செல் தாளில் சேமிக்கப்பட்டன. வேறு இரண்டு பையர்களின் பட்டியல்கள் அடுத்த மாதங்களில் வந்தபோது, ஒரே கேள்விக்கு ஒருவருக்கு ஒரு பதிலும் மற்றவருக்கு வேறொன்றும் போகாமல் அந்தத் தாள் காத்தது.

2025 ஜூனில் அதே பையரின் பட்டியல் மீண்டும் வந்தது. 60 மணி நேரத்தைத் தாண்டிய வாரங்கள் 4, அதிகபட்சம் 66. நேரடித் தொழிலாளர்களின் ஓவர்டைம் கூலி பன்னிரண்டு மாதமும் இரட்டிப்பு விகிதத்தில் சென்றிருந்தது. மூன்று காண்ட்ராக்டர்களில் இருவர் புது ரேட்டுக்கு ஒப்புக்கொண்டிருந்தார்கள். மூன்றாமவரின் 30 பேருக்குப் பேச்சு முடியவில்லை. 41ஆவது கேள்விக்கு மீண்டும் ‘இல்லை’ என்று குறித்து, இந்த விவரங்களைக் குறிப்புப் பெட்டியில் எழுதி, முதலாளி கையொப்பமிட்டார்.